பல்லா, பஸ்ஸா?

கண் தெரியாதவர்களுக்குப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்கிற அந்த நூலகத்தில் அவளுக்கு நிறுத்தம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. இருபத்தொன்பது வருஷமாக அவள் பார்த்த வேலை, படிக்கிறவரை நிறுத்துவது. வேறு எந்த ஊழியத்தில் ஒருத்திக்கு இப்படி ஒரு சுகம் கிடைக்கும் சொல்லுங்கள்! அதிலும் நிறுத்தப்படுகிறவர் கட்டின புருஷனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வேலை இதுதான். இரண்டு அறை, நடுவில் கண்ணாடி. உள்ளறைச் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. அங்கே முனகாத ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒலிவாங்கி, படிக்கிறவர். வெளியறையில் பதிவுக் கருவியின் முன்னால் காதுக் கருவியால் காதை அடைத்துக்கொண்டு அவள். அவர் கையிலிருக்கும் அதே பக்கத்தின் நகல் அவள் கையிலும் இருக்கும். அவர் படிக்கப் படிக்க அவள் விரல் வரி மேல் ஓடும். ஒரு சொல் விட்டுப்போனாலோ பிசகினாலோ சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். கருவி ஒரு வரி பின்னால் போகும். அவர் மறுபடி படிப்பார். மதியம் வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்பது "எத்தனை?" என்றுதான். "மூணு" என்றால் முகம் தொங்கிவிடும். "ஒண்ணு" என்றால் அன்றைக்கு டீ அவர் வாங்குவார்.

பிசகு என்றால் எதில்? அவர் குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நம் எழுத்தில்தான் வம்பு. 'ப' என்று ஒன்றை எழுதி வைத்துவிட்டு, பல்லுக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் அதுதான் என்று விட்டுவிட்டார்கள். பல் சொல்லும்போது உதடு மட்டும் திறக்கிறது, பஸ் சொல்லும்போது தொண்டையும் சேர்ந்து அதிர்கிறது. 'க'வில் கல்லும் கோலியும் அப்படியே. ஆனால் பல்லையும் பஸ்ஸையும் யாரும் மாற்றிச் சொல்லப்போவதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்துகொண்டு, ஒலியை மாற்றினால் வேறு சொல்லாகிவிடுகிற சாமான்கள் இருக்கின்றனவே, அவைதான் ஆளைக் கவிழ்க்கும். பந்தம் என்று பல்-ப போட்டுச் சொன்னால் கையில் ஏந்துகிற தீ. பஸ்-ப போட்டால் உறவு. பாவம் பல்லென்றால் செய்த குற்றம், பஸ்ஸென்றால் முகத்தில் காட்டுகிற உணர்ச்சி. கதை கல்லென்றால் சொல்வது, கோலியென்றால் தூக்கி அடிக்கிற ஆயுதம். 'கேஸ்' என்று பேப்பரில் போட்டால் நீதிமன்றத்தில் நடப்பதா, அடுப்பில் எரிவதா என்பது அடுத்த வரி வந்தால்தான் தெரியும். ஆங்கிலப் புத்தகம் படிக்கிற பக்கத்து அறைக்காரரும் இதே தொல்லையைச் சொல்லிப் புலம்புவார். அங்கே கண்ணீருக்கும் கிழிப்பதற்கும் ஒரே எழுத்தாம், ஈயத்துக்கும் முன்னே நடத்திப் போவதற்கும் ஒரே எழுத்தாம், காற்றுக்கும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கும் ஒரே எழுத்தாம்.

கண்ணால் படிக்கிறவனுக்கு இதில் ஒன்றும் போகாது. அவனே இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வான். காதால் படிக்கிறவனுக்குப் படிப்பவர் கொடுத்ததுதான் புத்தகம். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் படிக்கவேண்டிய பக்கங்களை முந்தின நாளே எடுத்துப்போய், படிப்பவர் தம் கையாலேயே பென்சிலால் குறித்துவர வேண்டும். அதிர்கிற ஒலிக்கு எழுத்தின் அடியில் ஒரு புள்ளி. புள்ளி இல்லாவிட்டால் பல், புள்ளி இருந்தால் பஸ். வேறு யாரும் குறித்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி. என்ன ஏது என்று புரிந்தவன்தானே புள்ளி வைக்க முடியும்?

நிறுத்தம்மாளின் புருஷனுக்கு அந்தப் புள்ளியே தேவைப்பட்டதில்லை. விதிக்காகப் பக்கத்துக்கு இரண்டு வைத்துவிட்டுப் போவார். அவர் கண் குரலுக்கு அரை வரி முன்னால் ஓடும். வேலைக்கு வந்த முதல் நாளே அவள் அவரை நிறுத்தினாள். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "நான் படிச்சது சரி, உங்க காதுதான் தப்பு" என்றார். அகராதி வந்தது, பக்கத்து அறைக்காரர் வந்தார், கடைசியில் அவள்தான் தப்பு. அன்றைக்கு விழுந்தவள்தான். ஆறு மாதத்தில் கல்யாணம். வீட்டிலும் அந்த மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. அவள் போனில் பேசிக்கொண்டிருப்பாள், இவர் குளியலறையிலிருந்து சொல் திருத்துவார். "அங்கே நான் நிறுத்துறேன், இங்கே நீங்களா?" என்று அவள் கத்துவாள். சண்டையும் சிரிப்புமாக ஒரு பெண்ணைப் பெற்று, படிக்க வைத்து, கட்டியும் கொடுத்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவர் பள்ளிக்கூடப் புவியியல் பாடம் படித்துக்கொண்டிருந்தார். "உலகில் ஏழு கண்டங்கள் உள்ளன" என்ற வரியில் கண்டத்தைக் கோலியாக்கிவிட்டார். அப்படிச் சொன்னால் ஜாதகக்காரன் சொல்கிற உயிராபத்து. உலகத்தில் ஏழு உயிராபத்துகள், அதில் மிகப் பெரியது ஆசியா! அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று நினைத்துப் பொத்தானை அழுத்தி, "போதும் உங்க குறும்பு, ஒழுங்கா படிங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அதே வரியை அதே மாதிரி மறுபடி படித்தார். அவள் மறுபடி நிறுத்தினாள்.

"என்னங்க, கல்லு. கோலி இல்ல."

"எது?"

"கண்டம்ங்க. ஆசியா, ஆப்பிரிக்கா…"

அவர் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கண்டம்னா என்னம்மா?" என்றார்.

மறந்துபோனவனின் தடுமாற்றம் அந்தக் கேள்வியில் இல்லை. முதல் முறையாக ஒரு சொல்லைக் கேள்விப்படுகிறவன் மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. "கத்திரிக்கோல் எடுத்துக் கொடுங்க" என்றால், "கத்திரிக்கோல்னா எது?" நகம் வெட்டுவது, துணி வெட்டுவது எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. பெயர்தான் போய்விட்டது. எல்லாமே 'அந்தச் சாமான்' ஆயிற்று. ஆனால் எட்டு மணிக்குப் பஸ் ஏறுவதை மறக்கவில்லை. நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வார். சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடுவார். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

மருத்துவர் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். காதுக்கு மேலே, உள்ளுக்குள், மூளை ஓர் இடத்தில் சுருங்கிக்கொண்டே வருகிறதாம். நிறுத்த மருந்து இல்லையாம்.

"சொல்லோட அர்த்தம்தான் முதல்ல போகும்மா" என்றார். "எழுத்தைப் பார்த்து வாசிக்கிறது ரொம்ப நாளைக்கு நிக்கும். அதை வச்சு அவருக்கு எல்லாம் புரியுதுன்னு நினைச்சுடாதீங்க."

மருத்துவர் சொன்னதில் பாதியைத்தான் அவள் காதில் வாங்கினாள். வாசிப்பு நிற்கும் என்றாரே! அது போதும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் படித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அவர் அவராகத்தான் இருக்கிறார், நாற்காலி போனால் ஆளே போச்சு என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். இனி அந்த நாற்காலியைக் காப்பாற்றுவதுதான் அவள் பிழைப்பு. பொய் சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போவது.

அன்றிலிருந்து புள்ளியை அவள் வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பக்கங்களைப் பரப்புவாள். அவர் எதிரே உட்கார்ந்து தோட்டத்துப் பூனையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கையெழுத்து மாதிரியே கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்த சின்னப் புள்ளி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகப் போக வேண்டும். 'குரு' வந்தால் ஆசானா வேர்க்குருவா என்று பார்க்க வேண்டும். 'பலம்' வந்தால் உடம்பில் இருப்பதா, அந்தக் காலத்துத் தராசில் நிறுத்ததா என்று பார்க்க வேண்டும். முன்பு அவர் பக்கத்துக்கு இரண்டு வைப்பார். இவள் முப்பது நாற்பது வைத்தாள். பஸ்ஸுக்கே புள்ளி வைத்தாள். எதற்கு வம்பு?

பெண் போனில் கத்தினாள். "அம்மா, நீ யாரை ஏமாத்துற? அப்பாவை வீட்ல உட்கார வை. உடம்பு முடியலைன்னு சொல்லிடு."

"உட்கார வச்சா என்ன ஆகும்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது. அதான் பயமா இருக்கு. போனை வை."

ஒன்பது மாதம் ஓடியது. புவியியல் முடிந்தது, ஒரு சட்டப் புத்தகம் முடிந்தது. எண்ணூறு பக்க நாவல் ஒன்று ஆரம்பித்தார்கள். மூன்று தலைமுறைக் குடும்பம், பக்கத்துக்குப் பக்கம் பந்தமும் பாசமும். அவர் அட்சரம் பிசகாமல் படித்தார். ஆயுசிலேயே அவ்வளவு சுத்தமாகப் படித்ததில்லை. மதியம் வெளியே வந்து "எத்தனை?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பாள் அவள். குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் நடப்பார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எண்ணாயிரம் பக்கத்துக்குப் புள்ளி வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். உள்ளுக்குள் என்ன ஓடுகிறது என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டு அவர் ஏதாவது சொல்லித் தொலைத்துவிட்டால்?

அந்த நாவலின் எழுநூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி. "குழந்தை பால் கேட்டு அழுதது." அவர் பாலைப் பஸ்-ப போட்டுப் படித்தார்.

அவள் கை பொத்தானில் தானாக விழுந்தது. பாலுக்கு யார் புள்ளி வைப்பார்கள்? எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகூடப் பாலை அப்படிச் சொல்லாது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் அவர் பக்கத்தை வாங்கிப் பார்த்தாள். 'பா'வுக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. பென்சில் இல்லை. அச்சடிக்கும்போது தெறித்த மை. அவள் நகலெடுத்த பக்கத்தில் அது விழவில்லை, முந்தின நாள் புள்ளி வைத்தபோது கண்ணிலும் படவில்லை.

"என்னங்க இது, பால்ங்க" என்றாள். "காலையில குடிச்சீங்களே."

"புள்ளி இருக்கே" என்றார் அவர். அவர் முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. பொட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். "புள்ளி இருந்தா பஸ்ஸு."

ஒன்பது மாதமாக அவர் ஒரு சொல்லையும் படிக்கவில்லை, அவள் வைத்த புள்ளிகளைத்தான் படித்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. மருத்துவர் சொன்ன மீதிப் பாதியும் இப்போதுதான் காதில் விழுந்தது. அதற்காக விட்டுவிட்டாளா? விடுவாளா அவள்! மறுநாளிலிருந்து பென்சிலோடு அழிப்பானையும் சின்னக் கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புள்ளி வைத்து முடித்ததும், மைப்பொட்டு, பூச்சி எச்சம், காகிதத்தில் இருக்கிற கறுப்பு நார் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். சில இடத்தில் காகிதம் ஓட்டை விழுந்தது. அவள் சுரண்டுவதைப் பார்த்து அவர், "அது என்ன சாமான்?" என்று கத்தியைக் காட்டிக் கேட்டார். அவள் அடுத்த பொட்டைத் தேடினாள்.

நான்கு நாள் கழித்து நூலகத்தின் மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். நாற்பது வயதுக்காரி, பிறவியிலேயே பார்வை இல்லாதவள், சின்ன வயசிலிருந்து இவர் குரலைக் கேட்டே படித்து மேலே வந்தவள். வெளியே போகிற ஒவ்வொரு பதிவையும் கடைசியாக அவள் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள்.

"உட்காருங்க அக்கா" என்றாள். "சாருக்கு எத்தனை மாசமா உடம்பு சரியில்ல?"

"உடம்புக்கு என்ன மேடம்? நல்லாத்தானே இருக்கார். இந்த நாவல்ல ஒரு தப்பு காட்டுங்க பார்ப்போம்."

"தப்பே இல்ல. அதனாலதான் கேட்கறேன்." மேலாளர் மேசை மேல் விரலால் தட்டிக்கொண்டே பேசினாள். "சார் படிக்கிறப்போ பல்லா பஸ்ஸான்னு வர்ற சொல்லுக்கு முன்னாடி துளியூண்டு தயங்குவார். அவருக்கே தெரியாது. கண்ணு முன்னாடி ஓடி, என்ன வருதுன்னு பார்த்துட்டுத் திரும்பி வரும். பள்ளிக்கூடத்துல நாங்க அந்தத் தயக்கத்தை வச்சே, சொல்லு வர்றதுக்கு முன்னாடி எதுன்னு பந்தயம் கட்டுவோம். ஒன்பது மாசமா அந்தத் தயக்கம் இல்ல. இதுக்கும் தயங்கல, எதுக்கும் தயங்கல. பக்கம் பூரா ஒரே ஓட்டம். யாரோ ஒருத்தர் எல்லாத்தையும் பார்த்துக் கொடுத்துட்டாங்க, சார் வாயை மட்டும் அசைக்கிறார்."

மேலாளரின் விரல் தட்டுவதை நிறுத்தியது.

"புள்ளி யார் வைக்கிறாங்க அக்கா?"

பூசி மெழுகலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை. மூக்கைச் சிந்திக்கொண்டு, கண்டத்திலிருந்து பால் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த மேலாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் நாப்பது பக்கம்தான் மேடம்" என்றாள் நிறுத்தம்மா. "நாப்பதே நாப்பது. அதை மட்டும் முடிக்க விடுங்க. கேட்கிறவங்களுக்குச் சரியாத்தானே போகுது? யாருக்கு என்ன நஷ்டம்?"

"படிக்கிறவருக்குப் புரியாததை நான் என்னன்னு கேட்பேன் அக்கா? நேத்து அந்த அத்தியாயத்துல மூத்த பையன் செத்துப் போறான். எனக்கு ஒண்ணுமே தோணல. சார் குரல்ல எனக்கு ஒண்ணும் தோணாம இருந்ததே இல்ல." கையை நீட்டி நிறுத்தம்மாளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "சரி. நாளைக்கு ஒரு பக்கம், புள்ளி இல்லாம படிக்கட்டும். நான் உங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்கறேன். ஒரே ஒரு சொல்லு, அவராப் பார்த்து, அவரா எடுத்தது ஒண்ணு வந்துட்டாப் போதும். மிச்ச நாப்பதும் அவரே படிக்கட்டும், புள்ளியை நீங்களே வைங்க. விதியை நான் பார்த்துக்கறேன்."

அன்று சாயங்காலம் அவள் செய்யாத கூத்தில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, "பந்தம்ங்க. பஸ்ஸு. நீங்களும் நானும். இந்த உறவு. பஸ்ஸு" என்று அவர் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்துக் காட்டினாள். அவர் "பஸ்ஸு" என்றார். "இன்னொண்ணு தீ. அது பல்லு." "பல்லு" என்றார். ஐந்து நிமிஷம் கழித்து வெறும் காகிதத்தில் எழுதி நீட்டினால், "புள்ளி எங்கேம்மா?" என்றார். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து அவர் மேலேயே போட்டாள். அவர் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி மேசையில் அடுக்கினார். ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு அவளும் சேர்ந்து பொறுக்கினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். சட்டைக் கழுத்தைச் சரி செய்துகொண்டார், தண்ணீர் ஒரு வாய் குடித்தார், தொண்டையைச் செருமினார். எல்லாம் பழைய மாதிரியே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேலாளர் காதை அடைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நிறுத்தம்மாளின் விரல் வரி மேல் இருந்தது. ஒன்று, கடவுளே, ஒன்றே ஒன்று கொடு என்று வேண்டிக்கொண்டாள்.

அவர் படித்தார். என்ன குரல் அது! நாவலின் தம்பி, செத்துப்போன அண்ணனைப் பற்றிச் சொல்கிறான். "எங்கள் பந்தம் அப்படிப்பட்டது" என்று பல்-ப போட்டு, தீயைக் கொளுத்திக்கொண்டு மேலே போனார். "அவன் முகத்தில் எந்தப் பாவமும் தெரியவில்லை" என்ற இடத்திலும் பல். "வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது" என்றதும் கல். நீதிமன்றத்தில் தீர்ந்துவிட்டது. ஓர் இடத்தில் மட்டும், வரியின் நடுவில், லேசாக நின்றார். மேலாளரின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அவர் எச்சில் விழுங்கிவிட்டு மேலே படித்தார். அங்கே இரண்டு ஒலிக்கு இடமுள்ள சொல் எதுவும் இல்லை.

பக்கம் முடிகிற வரைக்கும் அவள் பொத்தானைத் தொடவில்லை. அவர் வெளியே வந்தார்.

"எத்தனை?"

"ஒண்ணுமில்ல" என்றாள். நிறுத்தாத பக்கத்தில் எத்தனை என்று சொல்வது?

அவர் சிரித்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். மேலாளர் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "புத்தகம் பாதியில நிக்க வேண்டாம் அக்கா" என்றாள். "முப்பத்தொன்பதும் இதுவும் நீங்க படிங்க. இந்தக் கதை உங்களுக்குத்தான் தெரியும். சார் தினமும் கூட வரட்டும். உங்க நாற்காலியில உட்கார்ந்து கேட்கட்டும். யார் வேண்டாம்னு சொன்னாங்க?"

அப்படித்தான் ஆயிற்று. திங்கட்கிழமை அவள் உள்ளே போனாள், அவர் வெளியே. காதில் கருவியை மாட்டிவிட்டு, நகல் பக்கத்தை முன்னால் வைத்து, சிவப்புப் பொத்தானின் மேல் அவர் கையை எடுத்து வைத்து, "நான் தப்பாப் படிச்சா அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் தலையாட்டினார். இருபத்தொன்பது வருஷம் கழித்து முதல் முறையாக அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடியைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. குரல் நடுங்கியது. இரண்டு பாரா போனதும் சமாளித்துக்கொண்டாள்.

மூன்றாவது பக்கத்தில் சாவு வீடு. உறவுக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். "கூடத்தில் பந்துக்கள் வரிசையாக உட்கார்ந்து அழுதார்கள்" என்று ஒரு வரி. பந்துக்கள் என்றால் உறவினர்கள், பஸ். கண் அரை வரி முன்னால் போய் அதைப் பார்த்துவிட்டது. நாக்கும் தயாராகிவிட்டது. அப்போது அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வரக் கூடாத எண்ணம்தான். தெரிந்துகொண்டே, துணிந்து, உதட்டை மட்டும் திறந்து, நன்றாக அழுத்தி, பல்-ப போட்டுப் படித்தாள்.

கூடத்தில் விளையாட்டுப் பந்துகள் வரிசையாக உட்கார்ந்து அழுதன.

அவர் பழைய அவராக இருந்திருந்தால் இதற்குக் கூரை பறந்திருக்கும். குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்து திருத்துகிற ஆள் அவர். அவள் படிப்பதை நிறுத்தினாள். கண்ணாடியைப் பார்த்தாள். அவர் கை பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்துங்க, என்னங்க, அழுத்துங்க. தப்பாப் படிச்சுட்டேன், திட்டுங்க. ஒரு வார்த்தை திட்டிடுங்க. அவள் காத்திருந்தாள். சுவரிலிருந்த கடிகாரத்தில் முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, பேசுகிற விசையை அழுத்தினார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் மரியாதையாகப் பேசுகிற குரலில், "ரொம்ப நல்லாப் படிக்கிறீங்க" என்றார்.

அவள் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தப்பு பதிவாகிவிட்டது. அதை அப்படியே விட முடியாது, எங்கோ ஒருத்தர் கேட்கப் போகிற புத்தகம். எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்தாள். பொத்தானை எட்ட வேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும். அவர் சட்டென்று தம் கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியையும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"பரவாயில்லைங்க" என்று சொல்லி அவளே அழுத்தினாள். கருவி ஒரு வரி பின்னால் போயிற்று.